இரண்டாம் வாசிப்புக்கென்று ஒரு கதை

“கடைசியில் ஒரு திருப்பம் வருகிற மாதிரி சிறுகதை ஒன்று எழுதினேன். படித்த இரண்டு நண்பர்களில் ஒருவர் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டார், இன்னொருவர் ‘ஏமாத்திட்டீங்க’ என்று கோபித்துக்கொண்டார். முடிவு தெரிந்த பிறகு மறுபடியும் படித்தால் கதை வேறு மாதிரி தெரிய வேண்டும் என்பது என் ஆசை. இதை எப்படித் திட்டமிடுவது? எத்தனை குறிப்புகள் வைப்பது? முடிவை விளக்க வேண்டுமா?”

சென்னையில் ஒரு மாத இதழுக்கு வரும் சிறுகதைகளை இருபது ஆண்டுகளாகப் படித்துத் தேர்ந்தெடுத்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் சிலருக்குக் கதைப் பயிற்சி நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கதையை நான் படிக்கவில்லை. ஆனால் உங்கள் நண்பர்கள் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே கதைக்கு ஒரே நேரத்தில் வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எழுதுபவர் ஒரு செய்தியை ஒளித்துவைத்துவிட்டுக் கதை முழுவதும் அதற்குக் காவல் நிற்கும்போதுதான் இப்படி ஆகிறது. காவல் நிற்பதைப் பார்த்தே கூர்மையான வாசகர் அங்கே ஏதோ இருக்கிறது என்று ஊகித்துவிடுகிறார். நம்பிப் படித்தவருக்கோ, தமக்குச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டார்கள் என்ற எரிச்சல் மிஞ்சுகிறது. ஒளித்துவைத்தது ஒரு செய்தி மட்டும் என்றால், அது வெளியே வந்ததும் கதை தீர்ந்துபோகும், திரும்பப் படிக்க அங்கே ஒன்றும் இருக்காது. ஒளித்துவைக்க வேண்டியது இன்னொரு கதையை. மேலே ஓடும் கதைக்கு இருப்பதுபோலவே அதற்கும் ஒரு தொடக்கம், ஒரு நடு, ஒரு முடிவு வேண்டும். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

பயிற்சியில் நான் கட்டிக்காட்டும் ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். திருவல்லிக்கேணியில் குறுகலான தெரு ஒன்றில் பழைய வீடு, மாடியில் ஒற்றை அறை, வாசலில் ‘டு-லெட்’ பலகை. அதைப் பார்த்துவிட்டு ஓர் இளைஞன் வருகிறான். வீட்டுக்கார அம்மாள் தனியாக இருப்பவர். அறையைக் காட்டுகிறார், காபி தருகிறார், வாடகை பேசுகிறார்கள், அவன் குடிவருகிறான். மாதம் முடிந்ததும் வாடகையைக் கொடுத்து ரசீது வாங்குகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் முதல் பக்கம் முடிவதற்குள் வாசகருக்கு ஒன்று தெரிந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் காமராஜர் சாலையில் இவன் ஓட்டிய கார் மோதித்தான் அந்த அம்மாளின் மகன் இறந்திருக்கிறான். வழக்குக் காகிதத்தில் இருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு, வாடகை என்ற பெயரிலாவது அவருக்கு ஏதாவது கொடுத்துக்கொண்டிருக்கலாம் என்று இவன் வந்திருக்கிறான். கதையின் கடைசியில்தான், அவன் யார் என்பது அந்த அம்மாளுக்கு முதல் நாளே தெரியும் என்பது வாசகருக்குத் தெரிகிறது.

வாசகரின் கவனத்தைத் திருப்பும் வேலையை இங்கே எது செய்கிறது என்று பாருங்கள். கதையில் ஒரு ரகசியமும் இல்லாதது போலக் காட்ட நான் முயலவே இல்லை. ஒரு ரகசியத்தை வாசகர் கையிலேயே கொடுத்துவிட்டேன். கையில் ஒன்று இருக்கும்போது இன்னொன்றைத் தேட யாருக்கும் தோன்றுவதில்லை. ‘அவன் மாட்டிக்கொள்வானா’ என்ற பதைப்போடுதான் வாசகர் பக்கங்களைப் புரட்டுகிறார், அம்மாளை வெறும் ஏமாறும் ஆளாக மட்டுமே பார்க்கிறார். அந்தப் பதைப்பு பொய்யும் இல்லை, அது கதைக்குள் நிஜமாகவே இருக்கிறது. கொடுக்கிற ரகசியம் உண்மையானதாகவும், தன்னளவில் ஒரு கதையைத் தாங்கும் கனம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். கடைசியில் ‘அது ஒன்றுமில்லை’ என்று தள்ளிவிடக்கூடிய போலிச் சந்தேகத்தைக் கொடுத்தால், உங்கள் இரண்டாவது நண்பரின் கோபம் உறுதி.

இனி உள்ளே ஓடும் கதை. எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் இளைஞனுக்கு நடப்பதை வரிசையாக எழுதுங்கள். வலப்பக்கம் அதே நேரத்தில் அம்மாளுக்கு நடப்பதை எழுதுங்கள். பெரும்பாலோர் வலப்பக்கத்தில் எல்லா வரிக்கும் நேராக ‘அவருக்குத் தெரியும்’ என்றே எழுதிவைக்கிறார்கள். தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே நிலை என்றால் அது கதையாகாது. இந்தக் கதையில் வலப்பக்கம் இப்படி ஓடுகிறது: கதவைத் திறந்ததும் அவருக்குச் சந்தேகம் வருகிறது, மாடிப்படியில் அதைச் சோதிக்கிறார், கூடத்தில் அது உறுதியாகிறது, காபி கலக்கச் சமையலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு முடிவெடுக்கிறார், வாடகைப் பேச்சில் அதை நிறைவேற்றுகிறார். இந்த ஐந்து படிகளும் இருப்பதால்தான் இரண்டாம் முறை படிப்பவருக்கு அந்த அம்மாளின் கதை புதிதாக, அடுத்து என்ன என்ற ஆவலோடு நடக்கிறது. முதல் வாசிப்பில் காபி வரத் தாமதமானது ஒரு சாதாரண இடைவெளி. இரண்டாம் வாசிப்பில் கதையின் மிகக் கனமான நிமிடம் அதுதான், அங்கே ஒரு சொல்கூட எழுதப்பட்டிருக்காது.

மாடிப்படியில் நடப்பதை அருகில் சென்று பார்ப்போம். பழைய வீட்டுப் படி, செங்குத்தானது. அம்மாள் கீழே நின்றுகொண்டு, “மெதுவா ஏறுங்க தம்பி. முட்டி தாங்குமா?” என்கிறார். அவன், “இப்ப பரவாயில்லைம்மா” என்று சொல்லிவிட்டு ஏறுகிறான். முதல் வாசிப்பில் இது எந்த வீட்டிலும் கேட்கும் பேச்சு. படி செங்குத்து என்பதை இரண்டு வரிக்கு முன்னால் சொல்லியிருப்பதால் கேள்வி இயல்பாக வந்து உட்காருகிறது. ஆனால் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவனிடம் முட்டியைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? விபத்தன்று மருத்துவமனையில், காலைத் தூக்கிக் கட்டி மாவுக்கட்டோடு மயங்கிக் கிடந்தவனை வார்டு வாசலில் நின்று பார்த்தவர் அவர். பதிலில் இருக்கும் ‘இப்ப’ என்ற ஒரு சொல்லை அவன் தன்னை அறியாமல் விட்டுவிடுகிறான். முன்பு சரியாக இல்லை என்பதை அந்தச் சொல் சொல்லிவிடுகிறது. குறிப்பு என்றால் எனக்கு இப்படித்தான் இருக்க வேண்டும். அந்த இடத்தில் அது வருவதற்குக் கதைக்குள்ளேயே ஒரு வெளிப்படையான காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணமும் உண்மையாக இருக்க வேண்டும், அடியில் இன்னொரு காரணமும் இருக்க வேண்டும். வெளிப்படையான காரணம் இல்லாத குறிப்பு துருத்திக்கொண்டு நிற்கும். உங்கள் முதல் நண்பர் பாதியில் கண்டுபிடித்தது பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒன்றை வைத்துத்தான் இருக்கும்.

குறிப்பை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பத்தியின் கடைசி வரியில் வைத்தால் வாசகர் அங்கே ஒரு மூச்சு நிற்பார், நிற்கும் இடத்தில் யோசிப்பார். அதனால் ‘இப்ப பரவாயில்லைம்மா’ என்பதை அடுத்து அதே பத்தியில், மேலே ஏறியதும் ஆதார் நகல் கேட்பார்களோ என்ற அவனுடைய பயம் வருகிறது. ஆதாரைக் கொடுத்தால் பெயர் தெரிந்துவிடும். வாசகரின் கவனம் அந்தப் பயத்தின் பின்னால் போய்விடுகிறது. அம்மாள் கடைசிவரை ஆதார் கேட்கவில்லை, பெயரும் கேட்கவில்லை. முதல் வாசிப்பில் அது அவனுடைய அதிர்ஷ்டம், வயதானவரின் வெள்ளை மனம். ஒருவருடைய பெயரே தெரியாமல் ‘தம்பி’, ‘அம்மா’ என்று மணிக்கணக்கில் பேசிக்கொள்ள நம் மொழியில் இடம் இருப்பதால், பெயர் கேட்கப்படவில்லை என்பது வாசகரின் கண்ணில் படுவதே இல்லை. தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைத்த பெரிய வசதி இது.

கூடத்தில் மாலை போட்ட படம் இருக்கிறது. “பையன். ரெண்டு வருஷம் ஆச்சு” என்கிறார் அம்மாள். அவன் தலையைக் குனிந்துகொள்கிறான். அவர் மேற்கொண்டு பேசாததால் அவனுக்கு ஆறுதல், வாசகருக்கும் ஆறுதல். ஆனால் புதிதாக வீடு பார்க்க வந்த யாராக இருந்தாலும் ‘அய்யோ, என்னம்மா ஆச்சு?’ என்று கேட்டிருப்பார். அவன் கேட்கவில்லை. அம்மாளின் சந்தேகம் உறுதியாவது அந்த இடத்தில்தான். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு இதுதான், ஏனென்றால் இது எழுதப்பட்ட சொல்லில் இல்லை, வந்திருக்க வேண்டிய ஒரு சொல் வராததில் இருக்கிறது. சொன்னதைத் திரும்பப் பார்க்கும் வாசகர்கள் உண்டு. சொல்லாததை முதல் வாசிப்பில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

காபிக்குப் பிறகு வாடகைப் பேச்சு. அவன் நிறைய முன்பணம் கொடுக்க முன்வருகிறான். அம்மாள், “அட்வான்ஸெல்லாம் வேணாம் தம்பி. மாசா மாசம் வாடகைய நீங்களே கையில கொண்டாந்து குடுங்க. பேங்க்ல போட்டுடாதீங்க” என்கிறார். முதல் வாசிப்பில் வங்கிப் பக்கம் போகாத ஒரு மூதாட்டி பேசுகிறார். இரண்டாம் வாசிப்பில், பணத்தால் தீர்த்துவிட்டுப் போக உன்னை விடமாட்டேன், மாதம் ஒருமுறை என் எதிரில் வந்து நிற்க வேண்டும் என்கிறார் ஒரு தாய். அது தண்டனையா, மகன் வயதுள்ள ஒருவனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசையா என்பதை நான் முடிவு செய்து எழுதுவதில்லை. பயிற்சிக்கு வருகிறவர்கள் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடுவார்கள். உண்மை வெளிவந்த பிறகும் ஒரு கேள்வி மீதி இருக்கும்படி விட்டால் மூன்றாம் முறையும் படிக்கிறார்கள் என்பது என் அனுபவம். ஆனால் இது எல்லாக் கதைக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்துப் பாடிய சிலேடையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று இரண்டாகப் பிரிப்பது அணி இலக்கணம். சொற்களை வேறு வேறு விதமாகப் பிரித்தால் பொருள் மாறுவது பிரிமொழி. சொல் அப்படியே நிற்க, பொருள் மட்டும் இரண்டாவது செம்மொழி. திருப்பக் கதையின் உரையாடல் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். மறுவாசிப்பில் வாசகர் ஒரு வரியை வளைத்து, ‘ஓஹோ, இப்படி எடுத்துக்கொண்டால் சரியாக வரும்’ என்று ஒத்துப்போக வேண்டியிருந்தால் அது பிரிமொழி வேலை. எழுதிய வரி எழுதியபடியே இருக்க, பேசுகிறவருக்கு என்ன தெரியும் என்பது மட்டும் மாறினாலே பொருள் மாறிவிட வேண்டும்.

நேர்மை பற்றிய விதி ஒன்றுதான், அதில் எனக்கு ஐயம் இல்லை: கதாபாத்திரம் பொய் சொல்லலாம், தவறாக நினைக்கலாம், கதைசொல்லி பொய் சொல்லக்கூடாது. இந்தக் கதை படர்க்கையில், இளைஞனின் மனத்தை ஒட்டியே நடக்கிறது. அம்மாளின் மனத்துக்குள் ஒருமுறைகூட நுழைவதில்லை. அப்படியிருக்க, ‘அவருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது, அது பொய். ‘அவருடைய பார்வையில் அடையாளம் கண்டுகொண்ட சலனம் எதுவும் இருப்பதாக அவனுக்குப் படவில்லை’ என்றால் அது உண்மை, தவறு அவனுடையது. கைப்பிரதியை முடித்ததும் அம்மாளைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக எடுத்து, இது அவன் கண்டதா, அவன் நினைத்ததா, நான் சொன்னதா என்று கேட்டுப் பாருங்கள். நான் சொன்னதாக இருப்பவை எல்லாம் முடிவு தெரிந்த பிறகும் உண்மையாக நிற்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் கதை ஒன்று இப்படி ஒரே ஒரு வாக்கியத்தால் கெட்டது. ‘அவள் எதையும் மறைக்கவில்லை’ என்று எழுதியிருந்தேன். அச்சில் வந்த பிறகு ஒரு வாசகர் அந்த வரிக்குக் கோடிட்டு அஞ்சலில் அனுப்பியிருந்தார். வேறு எதுவும் எழுதவில்லை. அந்தக் கோட்டுக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

தமிழ் தரும் வசதியிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. எழுவாயை விட்டுவிட்டு வாக்கியம் அமைக்கலாம், ‘வந்தார்’ என்று எழுதி ஆணா பெண்ணா என்பதை மறைக்கலாம், ‘போய்விட்டார்’ என்பதை வீட்டைவிட்டுப் போனதாகவும் இறந்துபோனதாகவும் காட்டலாம். இவற்றை வைத்துக்கொண்டே ஒரு முழுக் கதையை எழுதும் ஆசை புதியவர்களுக்கு வருகிறது. ஆள் ஆண் என்று நினைத்தோம், பெண்ணாம், அவ்வளவுதானே என்று வாசகர் கேட்டால் அதற்குப் பதில் இருக்க வேண்டும். இலக்கணத்தால் ஒளித்தது இலக்கணத்தோடு முடிந்துவிடும். ஒரு வரியில் உதவியாக வைத்துக்கொள்ளலாம், கதையின் முதுகெலும்பாக வைக்க வேண்டாம்.

இரண்டாம் முறை படிப்பவர் முதல் முறை கேட்காத கேள்விகளைக் கேட்பார் என்பதால், அவற்றுக்கு விடை கதைக்குள்ளேயே கிடக்க வேண்டும். அம்மாளுக்கு அவனைத் தெரியும் என்றால் அவனுக்கு எப்படி அவரைத் தெரியாமல் போனது? நீதிமன்றத்தில் இருவரும் எதிரெதிரே நின்றிருக்க மாட்டார்களா? என் முதல் வரைவில் இந்த ஓட்டை இருந்தது. அம்மாள் நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை, அவருடைய தம்பிதான் அலைந்தார் என்றும், அவர் இவனைப் பார்த்தது அந்த மருத்துவமனை வாசலில் மட்டுமே என்றும் மாற்றிய பிறகுதான் அது அடைபட்டது. ‘கோர்ட்டுக்கு அலைஞ்சதெல்லாம் எந்தம்பிதான்’ என்று எழுதினால் குட்டு உடைந்துவிடும், அதனால் ‘வெளி வேலையெல்லாம் எந்தம்பி பாத்துக்கறான்’ என்று காபி நேரத்தில் ஒரு வரி. அதேபோல, தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும் என்கிறது, அதில் பெயர் இல்லாமல் முடியாது. ‘அக்ரிமென்ட் அடுத்த மாசம் எந்தம்பி வந்து போட்டுக்குவான்’ என்று அம்மாளே சொல்லிவிடுகிறார். ஒரே தம்பி இரண்டு ஓட்டைகளையும் அடைத்துவிடுகிறார். ஓட்டைக்கு ஒரு காரணம் என்று தனித்தனியாகக் கண்டுபிடித்துக்கொண்டே போனால் கதை ஒட்டுப்போட்ட துணிபோல ஆகிவிடும்.

எழுதி முடித்ததைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்று உண்டு. முடிவில் வரும் உண்மையை எடுத்துக் கதையின் முதல் வரியாக எழுதிவையுங்கள். ‘கதவைத் திறந்ததுமே அந்த அம்மாளுக்கு இவனோ என்று பட்டுவிட்டது’ என்று தொடங்கி, மீதியை ஒரு சொல்லும் மாற்றாமல் படியுங்கள். கதை அப்போதும் உங்களை இழுத்துச் சென்றால், இரண்டாம் வாசிப்பு அமைந்துவிட்டது. சப்பென்று போனால், உங்களிடம் இருந்தது வெறும் மறைப்பு மட்டுமே. அதன் பிறகு ஒரு வாசகரிடம் கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுத்து, அடுத்து என்ன நடக்கும் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். ‘கண்டுபிடித்தீர்களா?’ என்று பின்னால் கேட்டால் பலரும் ஆமாம் என்றே சொல்வார்கள், அந்த விடையை நம்பி எதையும் திருத்த முடியாது. ஒருவர் ஒரு கதைக்கு ஒருமுறைதான் முதல் வாசகராக இருக்க முடியும் என்பதால், அரைகுறை வரைவுகளைக் கொடுத்து ஆட்களைச் செலவழித்துவிடாதீர்கள்.

குறிப்புகள் எத்தனை என்ற கேள்விக்குக் கணக்குச் சொல்ல முடியாது. இரண்டாயிரத்தைந்நூறு சொல் கதைக்கு மூன்று, நான்கு என்று நான் வைப்பது என் கைப்பழக்கம் மட்டுமே. ஊகிக்கவே முடியாதபடி எழுத வேண்டுமா என்பதிலும் பலருக்குப் பல கருத்து. பத்தில் ஓரிருவர் ஊகித்தால் நான் கவலைப்படமாட்டேன், உள்கதை இருந்தால் ஊகித்தவருக்கும் அது படிக்கக் கிடைக்கிறது. நான் சொன்ன எல்லாமே சிறுகதைக்குத்தான். நாவலில் வாசகர் முதல் அத்தியாயத்தின் ‘இப்ப’வை முந்நூறு பக்கம் கழித்து நினைவில் வைத்திருக்கமாட்டார், அங்கே குறிப்புகளைத் திரும்பத் திரும்பத் தொட வேண்டியிருக்கும். அந்த வேலையில் எனக்கு அனுபவம் இல்லை.

முடிவை விளக்க வேண்டாம். முதல் மாத வாடகை ஏழாயிரத்து ஐந்நூறை அவன் கையில் கொண்டுவந்து கொடுக்கிறான். அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார், ரசீதுப் புத்தகத்தைத் திறக்கிறார், ஐயாயிரத்துக்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப்பை நாக்கில் தொட்டு ஒட்டுகிறார், அதன்மேல் கையெழுத்துப் போடுகிறார். தாளைக் கிழித்து அவனிடம் நீட்டுகிறார். ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கு மேலே, அவன் அந்த வீட்டில் ஒருபோதும் சொல்லாத அவன் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு, சம்மனில் இருந்ததுபோலவே எழுதப்பட்டிருக்கிறது. “பத்திரமா வெச்சுக்கங்க தம்பி. அடுத்த மாசம் அஞ்சாம் தேதி” என்கிறார். நான் அந்த வரியோடு நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு அவன் முகம் வெளுத்தது, கை நடுங்கியது என்று ஒரு வாக்கியம் சேர்த்தால், வாசகர் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டிய நேரத்தில் நாம் அவரை அவன் முகத்தைப் பார்க்க நிறுத்திவைத்ததாகிவிடும்.